கேள்வி ஊரிலிருந்து புறப்பட வேண்டும்: கேட்போர் கூட்டமும் சமுதாய வானொலியும்

ஓர் அபிவிருத்தித் திட்டத்தை மேற்கொள்வோர், திட்டம் முழுவதும் தீர்மானமாகிச் சாமான்களும் வந்து சேர்ந்த பிறகு, "இனி இதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்" என்று வானொலி நிலையத்தை நாடுவது வழக்கம். இந்த அத்தியாயம் அதற்கு நேர் எதிரான வரிசையைக் கற்பிக்க முயல்கிறது. வானொலி முதலில் ஊர் பேசுவதைக் கேட்க வேண்டும்; கேட்டதைத் திட்டத்தை நடத்துகிறவர்களுக்குக் கேட்கச் செய்ய வேண்டும்; அவர்கள் சொல்லும் மறுமொழியை அதே ஊருக்குக் குறித்த காலத்தில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றும் நடக்கும்போதுதான் மக்கள் பங்கேற்கும் தொடர்பு என்ற பெயர் பொருந்தும். இதைச் செய்யும் வகையைத் தஞ்சை வட்டாரத்தில் தலைமுறைகளாக அறியப்பட்ட யானைக்கால் நோயை உதாரணமாகக் கொண்டு விளக்குவோம்.

முன்னோர் கண்ட இரண்டு அனுபவங்கள்

காவிரிப் படுகைக்கு வானொலி புதிதன்று. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1960-களில் தஞ்சை மாவட்டம் தீவிர விவசாயத் திட்டத்தின் முதல் மாவட்டங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த காலத்தில், ஜப்பானின் நோரின் 10-ஐயும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உண்டாக்கிய ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி விடாது பேசி வந்தது. குறுவைக்கு ஏற்ற அந்த நெல் வயலுக்கு வயல் பரவியபோது விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயரிட்டுவிட்டார்கள். வானொலியின் சக்திக்கு அந்தப் பெயர் ஒரு நற்சாட்சிப் பத்திரம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அங்கே சொல்லப்பட்ட விஷயம் எத்தகையது என்பதை நாம் மறக்கலாகாது. விதை டிப்போவில் இருந்தது. பயன் ஒரே போகத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்து வயலைப் பார்த்தே சந்தேகம் தீர்ந்தது. ஆரோக்கிய விஷயங்களில் இவற்றுள் ஒன்றும் இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை. யானைக்கால் நோயால் வீங்கிய காலைத் தினந்தோறும் கழுவுகிறவருக்கு அதன் பலன் பல மாதம் கழித்து, வராமற்போன காய்ச்சலாக, கண்ணுக்குப் புலப்படாத வகையில்தான் கிடைக்கிறது.

இரண்டாவது அனுபவம் புனாவைச் சேர்ந்தது. 1956-இல் யுனெஸ்கோவின் உதவியோடு அகில இந்திய வானொலி, பம்பாய் ராஜ்யத்தின் ஐந்து ஜில்லாக்களில் சுமார் நூற்றைம்பது கிராமங்களில் "கிராம வானொலி மன்றங்களை" அமைத்தது. ஒவ்வொரு மன்றத்திலும் சுமார் இருபது பேர். அவர்களை அழைத்துக் கூட்டிவைக்க ஒருவர். வாரம் இருமுறை அரைமணி நிகழ்ச்சியைக் கூடிக் கேட்பார்கள். கேட்டதும் கலைந்துபோகாமல் விவாதிப்பார்கள். எழுந்த கேள்விகளையும் எடுத்த தீர்மானங்களையும் நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பின்வரும் நிகழ்ச்சிகளில் விடை வரும். பால் நியூராத் என்ற சமூகவியல் அறிஞர் செய்த பரிசோதனையின் தனிச்சிறப்பு, ரேடியோ இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களையும், ரேடியோவே இல்லாத கிராமங்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்ததாகும். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு நன்கு வளர்ந்திருந்தது. ரேடியோ மட்டும் இருந்த ஊர்களிலோ வளர்ச்சி சொற்பமே. அறிவைக் கொடுத்தது பெட்டியைவிடப் பெட்டியைச் சுற்றி நிகழ்ந்த சம்பாஷணையே என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. இன்றும் நம் கையில் உள்ள அளவுகோல் அதுவே: எத்தனை வீட்டில் ரேடியோ பாடியது என்பதைக் காட்டிலும், எத்தனை இடத்தில் கூடிப் பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்பதை எண்ண வேண்டும்.

நிலையத்தைப் பற்றி அறிய வேண்டியவை

வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி பிறந்தது. 2006-ஆம் ஆண்டுக் கொள்கை, மூன்றாண்டுச் சேவை அனுபவமுள்ள தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி உரிமத்தின் கதவைத் திறந்தது. படுகையில் இன்று வல்லத்தில் பெரியார் சமுதாய வானொலியையும், சுனாமிக்குப் பின் நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் முயற்சியால் எழுந்த களஞ்சியம் வானொலியையும் காணலாம். இத்தகைய நிலையத்தின் கதிர்வீச்சுத் திறன் நூறு வாட்டுக்கு மேற்படலாகாது. கோபுரம் முப்பது மீட்டருக்கு மேல் உயரலாகாது. சமதளமான வயல்வெளியில் இதன் குரல் சுமார் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை கேட்கும். தென்னந்தோப்பும் மாடி வீடுகளும் அடர்ந்த இடத்தில் குறையும்.

இந்தச் சிறுமையை ஒரு குறையாகக் கருதுவோர் பலர். நம் காரியத்துக்கோ அது மிகுந்த அனுகூலம். பத்துக் கிலோமீட்டருக்குள் இரண்டோ மூன்றோ ஆரம்ப சுகாதார நிலையங்கள்தாம் அடங்கும். ஆகவே வானொலியில் விடை சொல்லும் வைத்தியரும் விடையைக் கேட்டவரும் அடுத்த வாரமே நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கும். சொன்ன மருந்து அலமாரியில் இல்லையென்றால் மறுநாளே அம்பலமாகிவிடும். இந்தக் கண்டிப்பு பெரிய நிலையங்களுக்குக் கிட்டாது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் காத்துவைக்க வேண்டும் என்பது விதி. விதிக்காக மட்டுமன்றி, எந்தக் கேள்விக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதைத் திரும்பக் கேட்டுப் பார்ப்பதற்கும் அது உபயோகப்படும்.

நோயின் சுபாவம்

எதைப் பேசப்போகிறோம் என்பதில் நிலையத்தாருக்குத் தெளிவு வேண்டும். யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு நுண்புழு. அதைக் கொண்டு செல்வது சாக்கடையிலும் மூடாத கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு. புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் நடமாடும். ஆதலால் சுகாதாரப் பணியாளர் இரவு எட்டு மணிக்கு மேல் வந்து விரலில் இரத்தம் எடுக்கிறார்கள். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் இருட்டில் கதவைத் தட்டினால் ஊர் சந்தேகப்படுவது இயற்கையே.

ஊர்தோறும் ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை இரத்தத்திலுள்ள குஞ்சுகளை அழித்துப் பரவலைத் தடுக்கிறது. புழு உள்ளவருக்கு அது அழியும்போது காய்ச்சலும் தலைவலியும் தோன்றலாம். அதைக் கண்டு "மாத்திரை உடம்புக்கு ஆகாது" என்ற வதந்தி கிளம்பும். மற்றொரு பக்கம், ஏற்கெனவே வீங்கிய காலை அந்த மாத்திரை வற்றச் செய்யாது. அதை எதிர்பார்த்து விழுங்கியவர் ஏமாந்து, ஏமாற்றத்தை அண்டை வீட்டாருக்கும் சொல்வார். வீங்கிய காலுக்கு உதவுவது வேறு. தினமும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு மேலிருந்து கீழாக மெல்லக் கழுவி, விரல் இடுக்குகளை விரித்துச் சுத்தம் செய்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி உலர்த்தி, இடுக்கில் பூஞ்சைப்புண் இருந்தால் களிம்பிட்டு, உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி, கணுக்காலை அசைத்துப் பழகுவதே அந்தச் சிகிச்சை.

நெல் வயலோடு இந்த நோய்க்குள்ள சம்பந்தம் இங்கேதான் வருகிறது. நடவிலும் களையெடுப்பிலும் மணிக்கணக்காகச் சேற்றில் நிற்கும் பெண்களுக்கு விரல் இடுக்கில் சேற்றுப்புண் உண்டாகிறது. வீங்கிய காலில் அந்தப் புண்ணே கிருமிகளுக்கு வாசலாகி, தொடை இடுக்கில் நெறி கட்டி, கால் சிவந்து கொதித்து, குளிர்காய்ச்சல் வரச் செய்கிறது. ஒவ்வொரு முறையும் சில நாள் கூலி போகிறது. ஒவ்வொரு முறையும் வீக்கம் சற்றுக் கூடுகிறது. ஆகவே நம் தொடரின் நோக்கத்தை "யானைக்கால் விழிப்புணர்வு" என்று மொட்டையாக வைக்காமல், "நெறி கட்டும் காய்ச்சல் வரும் தடவைகளைக் குறைத்தல்" என்று நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். நோக்கம் இவ்வளவு குறுகியிருந்தால்தான் பலனை அளக்க முடியும்.

ஒரு தொடரை நடத்தும் முறை

கும்பகோணம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றை மனத்தில் கற்பித்துக்கொள்வோம். குடியானத் தெரு, கடைத்தெரு, வாய்க்காலுக்கு அப்பால் விவசாயக் கூலிகள் வசிக்கும் காலனி என அது பிரிந்து கிடக்கிறது. கால் வீங்கியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சேற்றில் இறங்குகிறவர்களோ பெரும்பாலும் காலனியில்தான்.

முதற்காரியம், நிகழ்ச்சி எதையும் தயாரிக்காமல் இரண்டு வாரம் கேட்பது. இலங்கையில் 1981-இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலியின் தயாரிப்பாளர்கள் குடியேற்ற ஊர்களில் சில நாள் தங்கியே நிகழ்ச்சிகளை அமைத்தார்கள். அந்தப் பழக்கத்தை நாமும் கைக்கொள்ளலாம். ஒலிப்பதிவுக் கருவியை முதல் நாளே நீட்டாமல், கிராம சுகாதார செவிலியரோடு நடந்து, யார் எங்கே எப்போது ஓய்வாக இருக்கிறார்கள், காய்ச்சலை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், வந்தால் முதலில் என்ன செய்கிறார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்ட காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுக்கும் பழக்கம் இருந்தால், அது தவறு என்று சட்டென்று கண்டிக்காமல், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை அறிய வேண்டும். பிற்பாடு ஈரத்துணியும் ஓய்வும் ஏன் மேல் என்று அந்தக் காரணத்தைத் தொட்டே பேச முடியும்.

இரண்டாவது, கேட்போர் கூட்டங்களை அமைப்பது. ஊருக்கு ஒரு கூட்டம் என்பது இங்கே பயனற்றது. பஞ்சாயத்து அலுவலகத்திலோ பெரிய தெருக் கோயில் மண்டபத்திலோ கூட்டினால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள். ஆகவே தெருவுக்கு ஒன்றாக, பத்திலிருந்து இருபது பேருக்கு மேற்படாமல், அவர்களே தேர்ந்த இடத்தில், அவர்களுள் ஒருவரே கூட்டுநராக இருக்க அமைப்பது நலம். கால் வீங்கியவர்கள் மட்டும் கூடும் கூட்டமாக அது தோன்றிவிடக் கூடாது. கலியாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் வீட்டார் உடனே விலகிவிடுவார்கள். சேற்றுப்புண்ணைப் பற்றிய கூட்டம் என்று அழைத்தால் எல்லோருக்கும் இடமுண்டு. நேரத்தையும் கூட்டமே நிர்ணயிக்கட்டும். நடவு நாட்களில் விடியுமுன் புறப்படுகிறவர்களுக்குக் காலை நிகழ்ச்சி உதவாது. மாலையிலோ தொலைக்காட்சித் தொடர்கள் போட்டியிடும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மதிய ஓய்வில் கைப்பேசி ரேடியோவில் கேட்க முடியுமானால் அதைவிடச் சிறந்த மன்றம் வேறில்லை.

மூன்றாவது, நிகழ்ச்சியின் அமைப்பு. இருபது நிமிஷம் போதும். முதல் எட்டு நிமிஷம் ஊரின் குரல்; அடுத்த ஏழு நிமிஷம் சென்ற வாரக் கேள்விகளுக்கு விடை; எஞ்சியது இந்த வாரம் கூடிப் பேசுவதற்குரிய ஒரே ஒரு கேள்வி. நடவு நாளைப் பற்றிய ஒரு பகுதி இப்படி அமையலாம்:

காலனிப் பெண்: "காலையில நல்லாக் கழுவிட்டுத்தாங்க போறோம். சேத்துல எறங்குனா எல்லாம் வீணாப் போவுது. அப்பறம் எதுக்குங்க கழுவணும்?"

வைத்தியர்: "நியாயமான கேள்விம்மா. நடவு நாள்ல காலையில கழுவுறத விட, கரையேறினதும் கழுவுறதுதான் முக்கியம். வாய்க்கால் தண்ணியோட நிறுத்திடாம, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவி, வெரல் இடுக்கை ஒலர்ந்த துணியால ஒத்தி எடுங்க. இடுக்குல வெள்ளையா ஊறி அரிச்சா அன்னைக்கே களிம்பு போடுங்க. காய்ச்சல் இருக்கற நாள்ல மட்டும் சேத்துல எறங்க வேணாம்மா."

பெண்: "நாங்க வர்ற நேரத்துல கொழாய்ல தண்ணி வராதுங்களே ஐயா."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். பழைய பிரசார முறையில் அது வெட்டி எறியப்பட்டிருக்கும். நம் முறையில் நிகழ்ச்சியின் உயிர்நாடியே அதுதான். கால் கழுவாமைக்குக் காரணம் அறியாமை என்று எண்ணியிருந்த திட்டத்தார்க்கு, தண்ணீர் விடும் நேரமே தடை என்று அது காட்டிக்கொடுக்கிறது. அடுத்த வாரம் விடை சொல்ல வேண்டியவர் வைத்தியர் அல்லர், ஊராட்சித் தலைவரும் குழாய் இயக்குபவரும். நடவு மாதங்களில் மாலையிலும் அரைமணி நேரம் தண்ணீர் விட அவர்கள் ஒப்புக்கொண்டால், தொடரின் முதல் வெற்றி அதுவே.

நான்காவது, கேள்விப் புத்தகம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்: தேதி, வந்தவர் எண்ணிக்கை, கேள்வி, யாருக்கு அனுப்பப்பட்டது, விடை வந்த நாள் என்ற ஐந்து பத்திகள் போதும். கேட்டவர் பெயர் வேண்டாம். எழுதத் தெரியாத கூட்டுநர் கைப்பேசியில் பேசிப் பதிந்து அனுப்பலாம். விடைக்குப் பதினைந்து நாள் கெடு வைக்க வேண்டும். விடை கிடைக்காவிட்டால், "இன்ன கேள்வி இன்னாரிடம் நிலுவையில் இருக்கிறது" என்று சாந்தமான குரலில் ஒலிபரப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

குரலுக்குரிய மரியாதை

பேசியவரிடம் பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டி, ஒலிபரப்பலாமா என்று கேட்டு, வேண்டாமென்றால் அவர் முன்னிலையிலேயே அழித்துவிட வேண்டும். சிற்றூரில் பெயரை மறைத்தால் போதாது. பத்துக் கிலோமீட்டருக்குள் எல்லோருக்கும் எல்லோருடைய குரலும் தெரியும். யானைக்காலைப் பற்றித் தம் அனுபவத்தைச் சொல்ல விரும்பியும் குரல் தெரிய வேண்டாமென்று நினைப்பவருக்காக, அவர் சொற்களையே வேறொரு பெண் படிக்கும் ஏற்பாடு நல்லது. அவ்வாறே, களிம்பையோ மாத்திரையையோ பற்றிப் பேசும் நாளுக்கு முன்தினம் சுகாதார நிலையத்தில் அது இருப்பில் உள்ளதா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நிலையத்தின் கட்டாயக் கடமை.

பழுதுபடும் அடையாளங்கள்

தொடர் தவறான வழியில் செல்வதைப் புத்தகமே காட்டிவிடும். "நிகழ்ச்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்பது போன்ற பாராட்டுகள் பெருகி, தொந்தரவான கேள்விகள் அருகினால், கூட்டுநர் மேலிடத்துக்குப் பிடித்ததை எழுதுகிறார் என்று அர்த்தம். ஒரே கையெழுத்தில் ஒரே மனிதரின் விஷயங்களே வந்தால் கூட்டம் கூடவில்லை. எல்லாக் கேள்வியும் வைத்தியருக்கே போய், ஊராட்சிக்கு ஒன்றும் போகவில்லை என்றால், ஜனங்கள் தங்களைச் சீர்திருத்த வந்த நிகழ்ச்சியாக இதைக் கருதத் தொடங்கிவிட்டார்கள். இத்தகைய சமயத்தில் புதிய நிகழ்ச்சி தயாரிப்பதை நிறுத்தி, மறுபடி ஒரு வாரம் நடந்து கேட்பதே பரிகாரம்.

பலனை அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. கூட்டத்தினர் மாதந்தோறும் நெறி கட்டிக் காய்ச்சல் வந்த தடவைகளையும், அதனால் போன வேலை நாட்களையும் பெயரின்றிக் கோடிட்டு எண்ணி வரலாம். இதற்கு எழுத்தறிவும் தேவையில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் சம்பா, தாளடி நடவிலும் இந்தக் காய்ச்சல் இயல்பாகவே மிகும். பங்குனி, சித்திரையில் இயல்பாகவே குறையும். கார்த்திகையில் தொடங்கிச் சித்திரையில் எண்ணிவிட்டு, வானொலியால் நோய் பாதியாயிற்று என்று அறிக்கை எழுதுவது தம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும். ஓராண்டு முழுவதும் எண்ணி, அடுத்த ஆண்டின் அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஆகவே இத்தகைய தொடருக்கு இரண்டு சம்பாப் பருவங்களாவது தேவை என்று திட்டம் வகுக்கும்போதே பணமும் காலமும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, தொடர் முடிவதற்கு முன் கேள்விப் புத்தகங்களை ஒன்றுசேர்த்து, விடை கிடைத்தவை, கிடைக்காதவை என்று இரு பட்டியலாக்கி, இரண்டாவது பட்டியலை அடுத்து வரும் கிராம சபையில் வைக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுவது எல்லோரும் அறிந்ததே. சாக்கடைக்கு மூடி, மாலைத் தண்ணீர், சுகாதார நிலையத்தில் களிம்பு இருப்பு ஆகியவை அங்கே தீர்மானமாகப் பதிவாகும்போது, வானொலியில் பேசிய பேச்சுக்கு அரசாங்கக் காகிதத்தில் ஓர் இடம் கிடைக்கிறது. அந்தத் தீர்மானங்களின் எண்ணையும் வாசகத்தையும் கடைசி நிகழ்ச்சியில் முழுமையாகப் படித்துவிட்டு, புத்தகங்களை அந்தந்தத் தெருக் கூட்டத்தினிடமே ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு தீர்மானம் நிறைவேறியதா என்று கேட்கும் உரிமையும் ஆதாரமும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.